முப்பது எழுத்துக்குள் ஒரு கட்டில்

என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது கஷ்டம் என்று பினாங்கில் எனக்குப் பேர் உண்டு. கல்யாணம், கோயில் திருவிழா, பணி ஓய்வு விருந்து என்று இருபது வருடமாக அறிவிப்பாளராகப் போய்வருகிறேன். நான் நன்றியுரை ஆரம்பித்தால் பந்தியில் சோறு ஆறிவிடும். பாகான் டாலாமில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமா மேடை ஏறி வந்து என் காதோடு, "அண்ணே, மண்டபத்துல மூணு மணிக்கு லைட்ட அடைச்சிருவாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவருக்கும் ஒரு நன்றி சொன்னேன்.

இப்படிப்பட்டவனுக்கு ஆண்டவன் கொடுத்த பிழைப்பு, முப்பது எழுத்துக்குள் எழுதுவது. சூலியா தெருவுக்குப் பக்கத்துச் சந்தில், பணம் மாற்றுகிற கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நாலு பேர், ஒரு ஏர்கான், அதுவும் நினைத்தால்தான் வேலை செய்யும். மக்கள் போனில் எதையாவது தேடும்போது, பதில்களுக்கு மேலே 'விளம்பரம்' என்ற சின்ன அடையாளத்தோடு ரெண்டு மூன்று வரி வருகிறதே, அதை எழுதுவதுதான் எங்கள் தொழில். ஒரு தலைப்புக்கு முப்பது எழுத்து, இடைவெளியும் அதில் சேர்த்தி. கீழே வரும் விளக்க வரிக்குத் தொண்ணூறு. தலைப்பில் ஆச்சரியக்குறி போட்டால் நிராகரித்துவிடுவார்கள். போன் நம்பரையும் தலைப்பில் எழுதக்கூடாது, அதற்கு வேறு இடம் இருக்கிறது. ஆச்சரியக்குறியிலேயே அரை ஆயுளை ஓட்டியவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

தமிழில் எழுதலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தமிழில் புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்கில் போய்விடும், 'நல்வாழ்த்துகள்' என்று ஒரு சொல் வைப்பதற்குள் பாதி இடம் காலி. அது போகட்டும், நம் ஆட்களே அவசரத்துக்குத் தேடும்போது மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் தட்டுகிறார்கள். ஆகவே நான் இந்த ரெண்டு மொழியிலும் குட்டி குட்டியாக எழுதிக்கொண்டிருந்தேன்.

என் முதலாளி ஒரு சீனப் பெண். இருபத்தெட்டு வயது. என்னை 'அங்கிள்' என்பாள், நான் அவளை 'பாஸ்' என்பேன். நாற்பத்தாறு வயதில் அங்கிள் ஆவது பெரிய வலி இல்லை. அவள் சொல்வதெல்லாம் சரியாக இருந்துவிடுவதுதான் வலி.

அந்த வருடம் அலுவலகத்துக்கு நானாகவே ஒரு வாடிக்கையாளரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஆயர் ஈத்தாம் பசாருக்குப் பின்னால் கடை வைத்திருந்த ஒரு அக்கா. நோயாளிகளுக்கான கட்டில் வாடகைக்கு விடுவது அவர் தொழில். ஆஸ்பத்திரியில் இருக்குமே, தலைப்பக்கம் சுற்றி உயர்த்துகிற கட்டில், அதுதான். அதற்கு முன்னால் பல வருடம் பாயான் லெப்பாஸில் ஒரு பேக்டரியில் ஷிப்டு வேலை பார்த்தவர். மாமியார் படுக்கையாகக் கிடந்தபோது ஒரு கட்டில் வாங்கினார். மாமியார் போனபிறகு அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார், பிறகு தெரிந்தவர் வீட்டுக்கு, அப்படியே அது தொழிலாகிவிட்டது. அவர் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். கட்டிலை ஏற்றி இறக்குவது ரெண்டு பேருமாகத்தான்.

நான் போனபோது கடையில் பதினோரு கட்டில் சும்மா நின்றது. மாதா படத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். தெரிந்தவர் சொல்லி வருகிற ஆட்களெல்லாம் தீர்ந்துவிட்டார்கள். போனில் தேடுகிறவர்கள் வேறு யாரிடமோ போகிறார்கள்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன் தம்பி," என்றார். "போன் வரலைன்னா எல்லாத்தையும் ஒருத்தன் மொத்தமா எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கான். கொடுத்துட்டு மறுபடியும் பேக்டரிக்குப் போயிட வேண்டியதுதான். அங்க கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா எனக்கு இந்த வயசுல போயி நைட்டு ஷிப்டு நிக்க முடியாது. அழுகையா வருது, நெனச்சா."

அவர் அழவில்லை. ஆனால் அதைச் சொன்ன விதத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். 'கவலைப்படாதீங்க அக்கா, என் எழுத்து பேசும்' என்று சொல்லிவிட்டேன். உண்மையிலேயே அப்படித்தான் சொன்னேன். இப்போது இதை எழுதும்போது காது சூடாகிறது.

எங்கள் வழக்கப்படி முதலில் வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். உங்களைத் தேடி வருகிறவர்கள் முதலில் என்ன கேட்பார்கள்? அதைக் கேட்டேன். அக்கா யோசிக்கவே இல்லை.

"இன்னிக்கே வருமான்னு கேப்பாங்க. எவ்வளவுன்னு கேப்பாங்க. அதுக்கு முன்னால, மேல தூக்கியாந்து கொடுப்பீங்களான்னு கேப்பாங்க. இங்க பாதி பிளாட்டுல லிப்ட் கெடையாது தம்பி. கீழ எறக்கி வச்சிட்டுப் போனா அவங்க என்னா பண்ணுவாங்க? நாங்க தூக்கிக்கிட்டுப் போயி, ரூமுல மாட்டிக் கொடுத்துட்டுத்தான் வருவோம். அத எழுது. தூக்குவோம்னு எழுது."

நான் நோட்டில் 'தூக்குவோம்' என்று எழுதினேன். எழுதிவிட்டு அதைப் பார்த்தேன். மூட்டை சுமக்கிற வேலைக்கு ஆள் எடுப்பது மாதிரி இருந்தது. இதையா விளம்பரத்தில் போடுவது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தேன். எனக்கு அருள் வந்துவிட்டது. பெற்றோர், அன்பு, ஓய்வு, கண்ணியம் என்று ஒரே பிரவாகம். அரை நாளில் ஒரு தலைப்பு பிடிபட்டது. ஆங்கிலத்தில் ஐந்து சொல், நடுவே நாலு இடைவெளி, மொத்தம் சரியாக முப்பது எழுத்து. 'உங்கள் பெற்றோரின் தகுதிக்கேற்ற சுகம்' என்று அர்த்தம் வரும். ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எண்ணிப் பார்த்தேன். திரும்ப எண்ணினேன். எழுந்து போய்க் காப்பி கலந்துகொண்டு வந்து மூன்றாவது தடவையும் எண்ணினேன். பிறகு இன்னொன்று: 'அன்புக்கும் ஓய்வு தேவை'. இதுவும் ஆங்கிலத்தில்தான், இருபத்து மூன்று எழுத்து. ஏழு எழுத்து மிச்சம் பிடித்ததில் எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது.

இந்த விளம்பரத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் முட்டாள்தனத்தின் முழு அழகும் தெரியாது. ஒரு விளம்பரத்துக்குப் பதினைந்து தலைப்பு வரை எழுதிக் கொடுக்கலாம். அவற்றில் ரெண்டையோ மூன்றையோ எடுத்துக் கோத்துக் காட்டுவது கணினியின் வேலை. எந்தத் தேடலுக்கு எந்தச் சேர்க்கை எடுபடுகிறது என்று அதுவே போகப்போகக் கற்றுக்கொள்ளும். ஆனால் 'இந்தத் தலைப்பு எப்போதும் முதலிடத்தில்தான் வரவேண்டும்' என்று நாம் ஊசி குத்தி நிறுத்தவும் வழி இருக்கிறது. சட்டப்படி கட்டாயம் காட்ட வேண்டிய வரிகள் இருந்தால் அதற்குத்தான் அது உதவும். நான் என் முப்பதெழுத்துக் காவியத்தை முதலிடத்தில் குத்தினேன். 'அன்புக்கும் ஓய்வு தேவை'யை ரெண்டாம் இடத்தில் குத்தினேன். 'பினாங்கில் ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்கு' என்ற வெறும் வரியையும் எழுதி, மற்றதோடு மற்றதாகப் பின்னால் தள்ளிவிட்டேன். மூன்றாவது தலைப்பு சின்னப் போன் திரையில் பல சமயம் வராது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். விளம்பரத்தின் தரம் 'மோசம்' என்று திரையின் ஓரத்தில் எழுத்து வந்தது. கணினிக்கு என்ன ரசனை இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பாஸ் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், அழகா இருக்கு," என்றாள் ஆங்கிலத்தில். "ஆனா இவங்க என்ன விக்கிறாங்க?"

"கட்டில்."

"எங்க கட்டில்?"

"விளக்க வரியில இருக்கு."

"அவங்க கட்டில்னு தட்டுறாங்க. முதல்ல அவங்க கண்ணு கட்டில்ங்கிற வார்த்தையத்தான் தேடும். அன்புன்னு யாரும் தட்டலையே?"

இது உணர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம், உனக்குப் புரிய இன்னும் வயசாகணும் என்று நான் விளக்கினேன். நல்ல நீளமாகவே விளக்கினேன். அவளுக்கு வேறு கூட்டம் இருந்தது. 'உங்க வாடிக்கையாளர், நீங்களே பாத்துக்குங்க' என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை நான் வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். எந்தெந்தத் தேடலுக்கு நம் விளம்பரம் வரவேண்டும் என்று சொற்களைக் கொடுக்க வேண்டும். அதை இறுக்கமாகவும் கொடுக்கலாம், தளர்வாகவும் கொடுக்கலாம். தளர்வாகக் கொடுத்தால், அந்தச் சொல்லுக்கு உறவு என்று கணினி நினைக்கிற எல்லாவற்றுக்கும் விளம்பரம் போய் நிற்கும். நான் 'வயதான பெற்றோர் பராமரிப்பு' என்பதைத் தளர்வாக விட்டேன். அன்பு எல்லாரையும் அணைக்கட்டும் என்று பெருந்தன்மை.

முதல் பத்து நாளில் அக்காவுக்கு ஆறேழு போன் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பசாரில் சாமான் வாங்கப் போனபோது கடைக்குப் போய், போன் வந்ததா அக்கா என்று தெரியாதவன்போலக் கேட்டேன்.

"வந்துச்சு தம்பி. ஒரு அம்மா, 'எங்க மாமனார எப்ப கொண்டாந்து விடலாம்'னு கேட்டாங்க. இன்னொருத்தர், 'மாசத்துக்கு எவ்வளவு, சாப்பாடும் சேத்தா'ன்னு கேட்டாரு. ஒரு பையன் மெத்தை இருக்கான்னு கேட்டான். எல்லாரும் நான் முதியோர் இல்லம் நடத்துறேன்னு நெனச்சிக்கிட்டுப் பேசுறாங்க. ஒருத்தர்கிட்ட அரை மணி நேரம் பேசினேன், பாவம், அவரு அம்மாவ வச்சிப் பாக்க ஆளில்லையாம். கட்டில மட்டும் யாரும் கேக்கல."

அலுவலகத்துக்கு வந்து, மக்கள் உண்மையில் என்னென்ன தட்டி இந்த விளம்பரத்தைப் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். தினமும் திறந்து பார்க்க வேண்டிய பட்டியல் அது. நான் பத்து நாளாகத் திறக்கவில்லை. முதியோர் இல்லம், முதியோர் இல்லக் கட்டணம், முதியோர் இல்லத்தில் வேலை, முதுகுவலிக்கு மெத்தை, அப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசு. அந்தக் கடைசி ஆளை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அப்பாவுக்குப் பரிசு தேடிப் போனவரிடம் நான் நோயாளிக் கட்டிலை நீட்டியிருக்கிறேன்.

இதெல்லாம் வந்தால் காட்டாதே என்று விலக்குப் பட்டியலில் அந்தச் சொற்களைச் சேர்த்தேன். தளர்வாக விட்டதை இறுக்கினேன். அதுவரை சரி. ஆனால் குத்தி வைத்த அந்த ரெண்டு தலைப்பை மட்டும் தொடவில்லை. தப்பு சொற்களில்தான், என் எழுத்தில் இல்லை என்று நம்பினேன். முதியோர் இல்லப் போன்கள் நின்றன. கட்டில் போனும் வரவில்லை. இப்போது எந்தப் போனுமே வரவில்லை. மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்த வாரம்தான் என் அப்பா குளியலறையில் விழுந்தார்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகு பாகான் டாலாம் வீட்டை விட்டுவிட்டு எங்களோடு ஆயர் ஈத்தாமுக்கு வந்துவிட்டார். விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து, சில நாள் கழித்துக் காலையில், இன்று சாயங்காலம் வீட்டுக்கு அழைத்துப் போகலாம், ஆனால் தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில் வேண்டும், சாதாரணக் கட்டிலில் அவரால் எழ முடியாது என்று தாதி சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருந்தது என் மனைவி. நான் சூலியா தெருவில் ஒரு பற்பசைக்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு ரெண்டு தடவை போன் செய்திருக்கிறாள். கூட்டத்தில் இருந்ததால் எடுக்கவில்லை. அவள் எனக்காகக் காத்திருக்கிற ரகம் இல்லை. வார்டு வாசலில் நின்றபடியே போனில் தேடி, ஒரு கட்டிலுக்குச் சொல்லிவிட்டாள். மத்தியானம் என்னிடம், "கட்டில் ரெண்டரைக்கு வருது, நீங்க வீட்டுக்குப் போயி வாங்கி வைங்க. நாலு மணிக்கு அப்பாவ ஆம்புலன்ஸ்ல கூட்டியாறேன்" என்றாள். எந்தக் கடை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இவள் அக்காவிடம்தான் சொல்லியிருப்பாள், என் விளம்பரம்தானே மேலே வரும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்.

ரெண்டரைக்கு வந்த லோரி அக்காவுடையது இல்லை. யாரோ ரெண்டு பேர். கட்டிலைக் கீழே, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். எங்கள் பிளாட் ஐந்து மாடி, லிப்ட் கிடையாது. நாங்கள் இருப்பது நாலாவது மாடி. மேலே கொண்டு வாங்க என்றேன். அவர்களில் ஒருவர் ரசீதைக் காட்டினார். தரைத்தளம் வரை மட்டும் என்று அதில் தெளிவாகத்தான் இருந்தது. அவர்கள்மேல் குற்றமில்லை, அன்றைக்கு இன்னும் நாலு இடம் போக வேண்டுமாம். நான் தலைப்பக்கத்துச் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தேன். முழங்கால் உயரம் வந்தது. அதோடு நின்றுவிட்டது.

மனைவிக்குப் போன் செய்தேன். "வேணாம், திருப்பி எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க," என்றாள். லோரி கட்டிலோடு திரும்பிப் போய்விட்டது. மணி மூன்றாகப் பத்து நிமிடம். அப்பா நாலு மணிக்கு வந்துவிடுவார், படுக்க இடம் இல்லை. அக்காவைக் கூப்பிட்டேன்.

"எத்தனாவது மாடி?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

மூன்றரைக்கு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வந்து இறங்கினார்கள். கட்டிலை லோரியிலேயே ரெண்டு துண்டாகக் கழற்றி வைத்திருந்தார்கள். பாதிக் கட்டிலை வீட்டுக்காரர் மேலே பிடிக்க, அக்கா கீழே பிடிக்க, ஒவ்வொரு திருப்பத்திலும் 'சாய்... சாய்... நிமித்து' என்று ஒரு சத்தம். வேறு பேச்சே இல்லை. நான் மெத்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அதுவும் மூன்றாவது மாடியில் ஒரு தடவை இறக்கி வைத்துவிட்டு. ரெண்டாம் பாதிக்கும் கீழே இறங்கி ஏறினார்கள். அறைக்குள் வைத்துப் பூட்டி, கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கம் எழும்புகிறதா என்று பார்த்து, நாலு மணிக்கு முன்னால் எல்லாம் முடிந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்த அப்பாவைப் படுக்க வைத்ததும் முதுகுப்பக்கம் உயர்த்தினோம். ஒரு வாரத்துக்குப் பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "ஆங்," என்றார். எங்கள் அப்பாவிடமிருந்து அது பெரிய பாராட்டு.

மனைவி அக்காவுக்கு மைலோ கலந்து கொடுத்தாள். அக்கா குடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, தேடினப்ப எங்க விளம்பரம் வரலையா? உங்க வீட்டுக்காரர்தான் எழுதிக் கொடுத்தாரு."

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக் காலையில் தட்டியதையே திரும்பத் தட்டினாள். மேலே முதலாவதாக வந்தது என் முப்பதெழுத்து.

"இதுவா?" என்றாள். "இத பாத்தேனே. ஏதோ இன்சூரன்சு கம்பெனின்னு நெனச்சித் தள்ளிட்டேன்."

நான் கட்டிலின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சுகம், அன்பு, ஓய்வுன்னு இருக்கு," என்று அவள் தொடர்ந்தாள். "நான் அங்க வார்டுல நிக்கிறேன், தாதி கட்டில் ரெடியான்னு கேக்குறாங்க. எனக்கு அன்ப பத்திப் படிக்க நேரமா? அடுத்தது, 'ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகை, இன்றே வரும்'னு இருந்துச்சு. அழுத்திட்டேன். படி ஏத்துவாங்களான்னு கேக்க மறந்துட்டேன், அது என் தப்பு. இவங்க விளம்பரத்துல தூக்குவோம்னு போட்டிருந்தா நான் ஏன் வேற எங்கயும் போறேன்?"

"நான் மொத நாளே சொன்னேன்," என்றார் அக்கா. என்னைக் குறைசொல்கிற குரல் இல்லை. களைப்புதான் இருந்தது. "அது நல்லா இருக்காதுன்னு தம்பி நெனச்சிருக்கும். படிச்சவங்களுக்குத் தெரியும்னு நானும் விட்டுட்டேன்."

அவர் பேக்டரிக்குத் திரும்பிப் போவதென்றால் காரணம் தொழில் இல்லை, நான்தான். என் சொந்த வீட்டில், என் அப்பாவுக்கு, என் மனைவியே தேடியும் என் விளம்பரத்தைத் தாண்டிப் போயிருக்கிறாள். இதற்கு மேல் எந்தப் பட்டியல் வந்து எனக்குப் புத்தி சொல்ல வேண்டும்?

அவர்களோடு கீழே வந்தேன். லோரி போனபிறகு, கடைசிப் படியிலேயே உட்கார்ந்து போனைத் திறந்தேன். முப்பதெழுத்துக் காவியத்தை நீக்கினேன். கை கொஞ்சம் தயங்கியது, அதை ஒப்புக்கொள்கிறேன். 'அன்புக்கும் ஓய்வு தேவை'யையும் நீக்கினேன். எதையும் எங்கேயும் குத்தி வைக்கவில்லை. மனைவி காலையில் வார்டு வாசலில் என்ன தட்டினாளோ அந்தச் சொற்களையே தலைப்பாக்கினேன்: 'செவா காத்தில் ஹோஸ்பித்தால் பினாங்'. மலாயில் இருபத்தாறு எழுத்து. அடுத்தது, அக்கா சொன்னது: 'காமி அங்காட் நாயேக் தாங்கா', நாங்கள் படியேறித் தூக்கி வருவோம். எண்ணினேன். இருபத்து மூன்று. இத்தனை நாளும் ஏழு எழுத்து மிச்சம் வைத்துக்கொண்டு உள்ளே போகக் காத்திருந்திருக்கிறது, நான்தான் கதவைத் திறக்கவில்லை. 'இன்றே அனுப்புவோம்' என்பது மலாயில் பதினைந்து. விளக்க வரியில், நாங்களே அறையில் பொருத்தித் தருவோம், தேவை முடிந்ததும் நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம். தொண்ணூறுக்கு எவ்வளவோ குறைவாக முடிந்தது. அதையே ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் பாஸ் பார்த்தாள். அழகா இருக்கு என்று சொல்லவில்லை.

"தூக்குறது நிஜமா?" என்று மட்டும் கேட்டாள். "போட்டுட்டுத் தூக்கலைன்னா பிரச்சனை."

"நிஜம். என் வீட்டுல நாலு மாடி தூக்கினாங்க."

"அப்ப இத்தனை நாள் ஏன் போடல, அங்கிள்?"

நான் காப்பி கலக்கப் போனேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் முதல் வேலையாக அந்தப் பட்டியலைத் திறந்தேன். மக்கள் தட்டுவதைப் படிக்கப் படிக்க எனக்கு என்னவோ செய்தது. 'கட்டில் வாடகை மூன்றாம் மாடி'. 'பக்கவாதம் அம்மா எந்தக் கட்டில்'. 'கட்டில் இன்று அவசரம்'. வினைச்சொல் கிடையாது, மரியாதை கிடையாது, அவசரத்தில் எழுத்துகூடத் தப்பு. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒருவர் வார்டு வாசலில் நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இவர்களிடம்தான் நான் அன்பைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றியிருக்கிறேன்.

மாதக் கடைசியில் நான் கடைக்குப் போகவில்லை. போக பயம். அக்காவே கூப்பிட்டார்.

"தம்பி, அப்பா நடக்குறாரா?"

"வாக்கர் பிடிச்சி ஹாலு வரைக்கும் வர்றாரு அக்கா. ஏன்?"

"இல்ல, சும்மாதான்," என்று இழுத்தார். "அவருக்கு வேணும்னா இருக்கட்டும், அவசரமில்ல. ஒரு வீட்டுல கேக்குறாங்க. பசாருக்கு அந்தப் பக்கத்துப் பிளாட்டு, அஞ்சாவது மாடி. எங்கிட்ட ஒண்ணும் இல்ல. எல்லாம் போயிருச்சு. ரெண்டு கட்டில் புதுசா சொல்லியிருக்கேன், அது வர அடுத்த வாரமாகும்."

"அப்ப பேக்டரிக்கு?"

"எந்தப் பேக்டரி?" என்றார் அக்கா.

நான் போனைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்று சத்தம் வராமல் அழுதேன். ஒரு நிமிடம்தான். பிறகு அப்பாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்று காட்டினார். "கொடுத்துரு," என்றார். "இது என்னா, ராத்திரியெல்லாம் கப்பல்ல படுத்திருக்கற மாதிரி. எனக்கு என் பழைய கட்டில் போதும்." வைத்தியரிடம் போனில் கேட்டோம். சரி, கொஞ்சம் உயரமான சாதாரணக் கட்டில் போதும் என்றார்.

மறுநாள் சாயங்காலம் அக்கா மட்டும் லோரியில் வந்தார், ஓட்டி வந்தது ஒரு சொந்தக்காரர். வீட்டுக்காரருக்கு முதுகுப் பிடிப்பாம், நாலு நாளில் ஏழு வீட்டுக்குத் தூக்கியிருக்கிறார். ஓட்டி வந்தவருக்கோ போன வருடம்தான் நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது, ஓட்டலாம், தூக்கக் கூடாது. அக்கா கட்டிலை ரெண்டாகக் கழற்றினார். தலைப்பக்கத்துப் பாதியின் ஒரு முனையில் போய் நின்றார். மறுமுனை காலியாக இருந்தது. நான் மெத்தையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அத உன் வீட்டம்மா கொண்டாருவாங்க," என்றார் அக்கா. "நாங்க தூக்குவோம்னு ஊருக்கெல்லாம் எழுதினது நீதானே தம்பி. புடி."

பிடித்தேன். எங்கள் வீட்டிலிருந்து கீழே அறுபத்து நாலு படி, அந்த வீட்டுக்கு மேலே எண்பது. அதையும் ரெண்டு தடவை ஏற வேண்டும். அந்தப் பிளாட்டின் மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, மேலே ஒரு வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கையில் போன் இருந்தது. "வந்துட்டாங்கம்மா," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். "போட்டிருந்த மாதிரியே தூக்கிக்கிட்டு வர்றாங்க."

பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. மூச்சு இல்லை. அக்கா 'சாய்' என்றார், நான் சாய்த்தேன்.